பிரீமியம் பில்லில் உள்ள வரி: எது செலவு, எது திரும்பி வரும்?

கடைக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கிறீர்கள். பணம் கட்டியதும் மொபைலுக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. மின்னஞ்சலில் பாலிசி பி.டி.எஃப். ஆக வருகிறது. பலரும் அதில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அந்த மொத்தத்தை அப்படியே ‘இன்சூரன்ஸ் செலவு’ என்று கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு தொகைக்குள் இரண்டு வகைப் பணம் இருக்கிறது. ஒன்று, காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் பிரீமியம். மற்றொன்று, அரசுக்குப் போகும் சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜி.எஸ்.டி. இந்த வரியில் ஒரு பகுதி உங்களுக்கே வரவாகத் திரும்பக் கிடைக்கலாம். கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிப்பது பாலிசியின் வகையும், பில்லில் இருக்கும் ஒரு 15 இலக்க எண்ணும்தான்.

ஒரு சிறு கடையின் ஓராண்டு பிரீமியம் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு, இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

நம் எடுத்துக்காட்டுக் கடை

மதுரையில் மின்சாதனப் பொருட்கள் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். தனி உரிமையாளர் நடத்துகிறார். ஜி.எஸ்.டி. பதிவு உண்டு. மாதாமாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் சாதாரண முறையில் இருக்கிறார். கடையில் சில பணியாளர்கள், சரக்கு கொண்டுபோக ஒரு சிறிய லோடு வண்டி, கடை வேலைக்கு ஓடும் ஒரு கார். இந்த ஆண்டு அவர் கட்டிய பிரீமியம் ஐந்து. கீழே உள்ள தொகைகள் கணக்கு புரிவதற்காக முழு எண்களாக வைக்கப்பட்டவை.

| பாலிசி | பிரீமியம் | வரி | மொத்தம் |
|---|---|---|---|
| கடை, சரக்குக்கான தீ விபத்துப் பாலிசி | 12,000 | 2,160 | 14,160 |
| லோடு வண்டி | 22,000 | 1,880 | 23,880 |
| கார் | 10,000 | 1,800 | 11,800 |
| பணியாளர்களுக்கான குழு மருத்துவக் காப்பீடு | 15,000 | 2,700 | 17,700 |
| உரிமையாளர் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு | 22,000 | 0 | 22,000 |

மொத்தம் கட்டியது 89,540 ரூபாய். அதில் வரி மட்டும் 8,540. இந்த 8,540-ல் அவருக்குத் திரும்பக் கிடைப்பது எவ்வளவு? அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடம்.

முதலில் பில்லைப் படிப்போம்

காப்பீட்டு நிறுவனம் தனியாக ‘டேக்ஸ் இன்வாய்ஸ்’ என்று தலைப்பிட்டு ஒரு தாள் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாலிசி ஷெட்யூல் அல்லது பிரீமியம் ரசீதே அந்த இடத்தில் நிற்கலாம் என்று ஜி.எஸ்.டி. விதிகள் சொல்கின்றன. ஆகவே “பில் தரவே இல்லையே” என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பாலிசி பி.டி.எஃப்.-இல் பிரீமியம் கணக்குப் போட்டிருக்கும் பக்கத்தைத் திறங்கள்.

அங்கே முதலில் Net Premium என்ற வரி இருக்கும். அதுதான் உண்மையான பிரீமியம். அதன் கீழே CGST, SGST என்று இரண்டு வரிகள், அல்லது IGST என்று ஒரே வரி இருக்கும். கடைசியில் Total Premium அல்லது Gross Premium. நம் கடையின் தீ விபத்துப் பாலிசியில் இப்படி இருக்கும்:

Net Premium: 12,000
CGST 9%: 1,080
SGST 9%: 1,080
Total Premium: 14,160

வரி ஏன் இரண்டாகப் பிரிகிறது? மத்திய அரசின் பங்கு பாதி, மாநில அரசின் பங்கு பாதி. காப்பீட்டு நிறுவனத்தின் தமிழ்நாட்டுப் பதிவிலிருந்து, தமிழ்நாட்டில் பதிவு பெற்ற உங்களுக்குப் பாலிசி வந்தால் இப்படி இரண்டாக வரும். நிறுவனம் வேறு மாநிலப் பதிவிலிருந்து பாலிசி கொடுத்தால் IGST என்று 18 சதவீதமும் ஒரே வரியாக வரும். இரண்டு வழியிலும் நீங்கள் கட்டும் தொகை ஒன்றுதான். வரவு எடுப்பதிலும் தடை இல்லை. கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பது மட்டும் மாறும்.

தள்ளுபடி இருந்தால் ஒன்றைச் சரிபாருங்க. வண்டிப் பாலிசியில் ‘நோ கிளைம் போனஸ்’ கழித்த பிறகு மிஞ்சும் பிரீமியத்தின் மேல்தான் வரி போட வேண்டும், கழிப்பதற்கு முன்பு உள்ள தொகையின் மேல் அல்ல. Net Premium தொகையை உங்கள் மொபைல் கால்குலேட்டரில் 0.18 ஆல் பெருக்கினால், 18 சதவீத பாலிசியில் மொத்த வரி வந்துவிடும். பில்லில் இருப்பதும் அதுவும் ஒன்றாக இருந்தால் சரி.

எல்லாப் பாலிசிக்கும் ஒரே வரி இல்லை

பட்டியலில் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு வரி சுழியம் என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து காப்பீட்டுக்குப் பொதுவான விகிதம் 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீடு, தனிநபர் மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு கொடுக்கப்பட்டது. குடும்பம் முழுவதற்கும் சேர்த்து எடுக்கும் ஃப்ளோட்டர் பாலிசியும், மூத்த குடிமக்கள் பாலிசியும் இந்த விலக்கில் அடங்கும். ஆனால் நிறுவனம் தன் பணியாளர்களுக்காக எடுக்கும் குழுப் பாலிசிக்கு விலக்கு இல்லை. அதற்கு 18 சதவீதம் தொடர்கிறது. “மருத்துவக் காப்பீட்டுக்குத்தான் வரி இல்லையே, எங்களுக்கு மட்டும் ஏன் போட்டாங்க?” என்று குழம்ப வேண்டாம். குழுப் பாலிசி என்றால் அந்த வரி சரியானதே.

லோடு வண்டியின் பில்லில் இன்னொரு விஷயம் உண்டு. 22,000 ரூபாய் பிரீமியத்துக்கு 18 சதவீதம் என்றால் 3,960 வர வேண்டும். ஆனால் 1,880 தான் வந்திருக்கிறது. இது தவறு இல்லை. வண்டிப் பாலிசிக்குள் இரண்டு பிரீமியம் இருக்கிறது. உங்கள் வண்டிக்கே சேதம் வந்தால் ஈடுகட்டும் பகுதி 6,000. மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் பகுதி 16,000. சரக்கு வாகனத்தின் மூன்றாம் நபர் பகுதிக்கு முன்பு 12 சதவீதம் இருந்தது. அது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே 6,000-க்கு 18 சதவீதம் 1,080, 16,000-க்கு 5 சதவீதம் 800, சேர்த்து 1,880.

உங்கள் சரக்கு வண்டிப் பாலிசியில் மொத்தத்துக்கும் 18 சதவீதம் போட்டிருந்தால், உடனே கேட்க வேண்டிய இடம் இது. பாலிசி எடுக்கும்போது வண்டியை எந்த வகையில் பதிந்தார்கள் என்று பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் சரக்கு வாகனம் என்றிருக்க, பாலிசியில் வேறு வகையாகப் பதிவாகியிருந்தால் பிரச்சினை வரியோடு நிற்காது. விபத்து நேர்ந்து இழப்பீடு கேட்கும்போதும் அது சிக்கலாகும்.

வரவு எடுப்பதா, கூடாதா?

தொழிலுக்காக வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யை, நீங்கள் விற்பனையில் வசூலித்துச் செலுத்த வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். இதற்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். பிரீமியமும் ஒரு சேவைக்கான கட்டணம்தான் என்பதால் இதே விதி பொருந்தும். ஆனால் சட்டமே சில பாலிசிகளுக்கு இந்த வரவைத் தடுத்திருக்கிறது. ஐந்து பில்லையும் வரிசையாகப் பார்ப்போம்.

கடைக்கும் சரக்குக்குமான தீ விபத்துப் பாலிசி முழுக்கத் தொழிலுக்கானது. 2,160 ரூபாயையும் வரவாக எடுக்கலாம்.

லோடு வண்டி சரக்கு ஏற்றும் வாகனம் என்பதால் அதற்குத் தடை இல்லை. 1,080, 800 இரண்டும் சேர்ந்து 1,880 ரூபாயும் வரவு.

காருக்கு வரவு இல்லை. ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை உட்காரும் பயணிகள் வாகனத்தின் காப்பீட்டுக்கு வரி வரவு எடுக்கக் கூடாது என்பது சட்டம். “கார் கடை வேலைக்குத்தான் ஓடுது” என்று சொன்னாலும் செல்லாது. கடைப் பையன் ஓட்டும் ஸ்கூட்டரும் ஆட்களை ஏற்றும் வாகனமாகவே இந்த வரம்புக்குள் வருகிறது. டாக்ஸி ஓட்டுபவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர், வாகன விற்பனையாளர் போன்றவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

பணியாளர்களின் குழு மருத்துவக் காப்பீட்டுக்கும் பொதுவாக வரவு இல்லை. பணியாளர்களுக்கு இந்தக் காப்பீட்டை முதலாளி கொடுத்தே ஆக வேண்டும் என்று ஏதேனும் ஒரு சட்டம் கட்டாயமாக்கியிருந்தால் மட்டுமே எடுக்கலாம். நம் கடைக்காரர் தாமாக விரும்பி எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆகவே 2,700 ரூபாயும் வரவு ஆகாது.

குடும்ப மருத்துவக் காப்பீட்டில் வரியே இல்லை. இருந்திருந்தாலும் அது சொந்தச் செலவு, கடைக்குச் சம்பந்தமில்லை.

கூட்டிப் பார்த்தால், 8,540 ரூபாய் வரியில் வரவு 4,040. தடுக்கப்பட்டது 4,500. மொத்தத்தையும் செலவாக எழுதிவிடுபவர் 4,040 ரூபாயை விட்டுவிடுகிறார். மொத்தத்தையும் வரவாக எடுப்பவர் 4,500 ரூபாயைத் தவறாக எடுக்கிறார். அந்த வரவைப் பயன்படுத்திவிட்டால் பின்னாளில் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

அந்த 15 இலக்க எண்

வரவுக்குத் தகுதியான பாலிசி என்பது மட்டும் போதாது. பில்லில் உங்கள் கடையின் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அது 33 என்று தொடங்கும். பாலிசியில் இரண்டு ஜி.எஸ்.டி. எண்கள் அச்சாகியிருக்கும். ஒன்று காப்பீட்டு நிறுவனத்தின் எண், மற்றொன்று உங்களுடையது. நிறுவனத்தின் எண்ணைப் பார்த்துவிட்டு “இருக்கு, சரி” என்று விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. உங்கள் பெயர், முகவரி இருக்கும் பகுதியில் உங்கள் எண் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

அந்த இடம் காலியாக இருந்தால், நிறுவனம் உங்களைச் சாதாரண நுகர்வோராகக் கணக்கில் காட்டும். அந்த பில் உங்கள் ஜி.எஸ்.டி. கணக்குக்கு வந்து சேராது. அது வராமல் நீங்கள் வரவு எடுக்கவும் முடியாது.

வந்ததா என்று மொபைலிலேயே பார்க்கலாம். www.gst.gov.in தளத்தில் உள்நுழைந்து Services, Returns, Returns Dashboard என்று வரிசையாகத் திறந்து, மாதத்தைத் தேர்ந்தெடுத்து GSTR-2B-ஐப் பாருங்கள். இந்த அறிக்கை அடுத்த மாதம் 14-ம் தேதி உருவாகும். டிசம்பர் பில்லை ஜனவரி 14-க்குப் பிறகு தேடுங்கள். பாலிசி எண்ணை வைத்துத் தேடினால் சில சமயம் கிடைக்காது, ஏனென்றால் நிறுவனம் வேறு ஒரு இன்வாய்ஸ் எண்ணில் ஏற்றியிருக்கலாம். நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணையும் வரித் தொகையையும் வைத்துத் தேடுவது எளிது.

வரவில்லை என்றால், பாலிசியில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைச் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் தருமாறு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏஜென்டிடம் வாய்வழியாகச் சொல்வது போதாது. 2025 டிசம்பரில் வந்த பில் என்றால் அது 2025-26 நிதியாண்டைச் சேர்ந்தது. அதன் வரவை எடுக்கக் கடைசி நாள் 2026 நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னை நீங்கள் தாக்கல் செய்யும் நாள், இதில் எது முந்துகிறதோ அது. அதற்குள் திருத்தம் முடிந்து GSTR-2B-இல் வந்தாக வேண்டும்.

தடுக்கப்பட்ட கார், குழுக் காப்பீட்டு பில்களும் உங்கள் எண்ணோடு இருந்தால் GSTR-2B-இல் வந்து நிற்கும். அங்கே இருப்பதாலேயே அது எடுக்கத் தகுந்த வரவு ஆகிவிடாது. GSTR-3B தாக்கல் செய்யும்போது 4(A)(5) வரிசையில் எல்லாம் சேர்ந்து வரும். தடுக்கப்பட்ட தொகையை 4(B)(1) வரிசையில் போட்டுக் கழிக்க வேண்டும். இந்த இடத்தில் உங்கள் கணக்காளர் எந்த பில் எந்த வண்டிக்கு என்று தெரியாமல் தடுமாறுவார். கார் பாலிசி, லோடு வண்டிப் பாலிசி இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்தால் குழப்பம் நிச்சயம். பி.டி.எஃப். அனுப்பும்போதே ‘கார்’, ‘லோடு வண்டி’ என்று பெயர் மாற்றி அனுப்புவது இருவருக்கும் நல்லது.

வங்கி பிடித்த பிரீமியம்

சரக்கை அடமானம் வைத்து வங்கியில் கேஷ் கிரெடிட் வாங்கியிருப்பவர்கள் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வங்கியே சரக்குக்குப் பாலிசி எடுத்து, பிரீமியத்தை உங்கள் கணக்கில் பிடித்துக்கொள்வது உண்டு. பாஸ்புக்கில் ‘இன்சூரன்ஸ் 14,160’ என்று ஒரே வரி இருக்கும். அதை வைத்து வரவு எடுக்க முடியாது. வங்கி ஸ்டேட்மென்ட் வரி பில் ஆகாது. கிளைக்குப் போய்ப் பாலிசி நகலை வாங்குங்கள். அதில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதே எண்டார்ஸ்மென்ட் வழிதான். கூடவே கடை முகவரியும், சரக்கு வைத்திருக்கும் குடோன் முகவரியும் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இடம் மாறிய பிறகும் பழைய முகவரியிலேயே பாலிசி புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தால், தீ விபத்து நேர்ந்த இடத்துக்குப் பாலிசியே இல்லை என்று ஆகிவிடும்.

கணக்கில் எழுதுவது எப்படி?

இப்போது கடையின் புத்தகத்துக்கு வருவோம். தீ விபத்துப் பாலிசிக்கு 2025 டிசம்பர் 1 அன்று 14,160 ரூபாய் கட்டியாயிற்று. அன்றைய பதிவு:

காப்பீட்டுச் செலவு — பற்று 12,000
உள்ளீட்டு CGST — பற்று 1,080
உள்ளீட்டு SGST — பற்று 1,080
வங்கி — வரவு 14,160

வரி செலவுக் கணக்குக்குப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். அது அரசிடமிருந்து உங்களுக்கு வர வேண்டிய தொகை. 14,160 முழுவதையும் செலவாக எழுதி, அதே 2,160-ஐ ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் வரவாகவும் எடுத்தால், ஒரே ரூபாய்க்கு இரண்டு முறை பலன் பெற்றதாகிவிடும். வருமானவரிக் கணக்கையும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

காருக்கு நேர்மாறு. அங்கே வரி திரும்பி வராது. ஆகவே அது செலவின் ஒரு பகுதியாகிவிடுகிறது. 11,800 ரூபாயும் ‘வாகனக் காப்பீடு’ என்ற செலவுத் தலைப்பில் போகும். குழு மருத்துவக் காப்பீட்டின் 17,700 ரூபாயும் அப்படியே பணியாளர் நலச் செலவில் போகும். வரவு எடுக்க முடிந்த வரி தனித் தலைப்பு, முடியாத வரி செலவோடு சேரும். இந்த ஒரு வாக்கியம் நினைவிருந்தால் பிரீமியம் பதிவில் பெரிய தவறு வராது.

குடும்பத்தின் 22,000 ரூபாய், கடைக் கணக்கிலிருந்து கட்டியிருந்தாலும், கடையின் செலவு அல்ல. அது உரிமையாளரின் எடுப்பு. தனிநபர் வருமானவரியில் அதற்குக் கழிவு இருக்கிறதா என்பது அவர் எந்த வரி முறையைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பொறுத்தது. அந்தக் கேள்விக்கான இடம் அவருடைய சொந்த ரிட்டர்ன், கடையின் இலாப நட்டக் கணக்கு அல்ல.

மார்ச் 31 அன்று என்ன செய்வது?

பாலிசியின் ஓராண்டும் நிதியாண்டும் பெரும்பாலும் ஒன்றாக அமைவதில்லை. டிசம்பர் 1-ல் தொடங்கிய பாலிசி அடுத்த நவம்பர் 30 வரை ஓடும். மார்ச் 31 அன்று நான்கு மாதம்தான் கழிந்திருக்கும். இன்னும் எட்டு மாதப் பாதுகாப்பு மீதம் இருக்கிறது. அந்த எட்டு மாதத்துக்கான பிரீமியத்தை இந்த ஆண்டின் செலவாகக் காட்டக் கூடாது.

12,000-ஐ 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,000. நான்கு மாதம் 4,000 ரூபாய் இந்த ஆண்டுச் செலவு. மீதி 8,000 ரூபாய் ‘முன்கூட்டிச் செலுத்திய செலவு’ என்று இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கத்தில் நிற்கும்:

முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு — பற்று 8,000
காப்பீட்டுச் செலவு — வரவு 8,000

ஏப்ரல் 1 அன்று இதே பதிவைத் திருப்பிப் போட்டால், 8,000 ரூபாய் புதிய ஆண்டின் செலவாக வந்துவிடும். மாதக் கணக்குக்குப் பதில் நாள் கணக்கு வைப்பவர்களும் உண்டு. 365 நாளில் 121 நாள் என்று பார்த்தால் செலவு 3,978 ரூபாய் வரும். 22 ரூபாய்தான் வித்தியாசம். எந்த முறையானாலும் ஆண்டுதோறும் அதையே பின்பற்றுங்கள்.

உள்ளீட்டு வரியை இப்படி மாதங்களாகப் பிரிக்க வேண்டியதில்லை. பில் GSTR-2B-இல் வந்ததும் முழு 2,160-ஐயும் எடுப்பதுதான் நடைமுறை. பிரிப்பது பிரீமியத்தை மட்டும். ஆனால் வரவு இல்லாத பாலிசியில் வரியும் செலவுதான் என்பதால், அதையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும். கார் பாலிசி 2026 ஜனவரி 1-ல் தொடங்கியது என்றால், 11,800-ல் மூன்று மாதத்துக்கு 2,950 ரூபாய் செலவு, 8,850 ரூபாய் முன்கூட்டிச் செலுத்தியது.

இது பணம் கொடுத்த நாளை வைத்து அல்லாமல், எந்தக் காலத்துக்கான செலவு என்பதை வைத்து எழுதும் கணக்கு முறைக்குப் பொருந்தும். ரொக்க அடிப்படையில் கணக்கு வைப்பவர்கள் பணம் கொடுத்த ஆண்டிலேயே எழுதுவார்கள். விற்பனையின் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் உத்தேச வருமானத் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பிரீமியத்தைத் தனியாகக் கழிக்க இடமே இல்லை. அந்த சதவீதத்துக்குள் எல்லாச் செலவும் அடக்கம்.

காம்போசிஷன் முறையில் இருந்தால்?

காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும், ஜி.எஸ்.டி. பதிவே இல்லாதவரும் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. அவர்களுக்குக் கணக்கு எளிது. 14,160 ரூபாயும் காப்பீட்டுச் செலவு. மார்ச் 31-ல் எட்டு மாதத்துக்கான 9,440 ரூபாய் முன்கூட்டிச் செலுத்தியது, 4,720 ரூபாய் அந்த ஆண்டுச் செலவு.

பாலிசியை ரத்து செய்தால்?

லோடு வண்டியை விற்றுவிட்டு, பாலிசியைப் பாதியில் ரத்து செய்கிறீர்கள். நிறுவனம் பிரீமியத்தில் ஒரு பகுதியையும் அதற்கான வரியையும் திருப்பித் தரும். அதற்கு ஒரு கிரெடிட் நோட் வரும். GSTR-2B-யிலும் அது தெரியும். முன்பு எடுத்த வரவில் அந்த அளவு வரியைத் திருப்பிவிட வேண்டும். வங்கிக்கு வந்த மொத்தப் பணத்தையும் ‘இதர வருமானம்’ என்று எழுதிவிட்டால் இது விட்டுப்போகும். பிரீமியப் பகுதி காப்பீட்டுச் செலவைக் குறைக்க வேண்டும், வரிப் பகுதி உள்ளீட்டு வரியைக் குறைக்க வேண்டும்.

காப்பீட்டுத் தொகையில் சரக்கின் வரி சேர்ந்திருக்கிறதா?

பிரீமியத்தின் வரியைப் பார்த்துவிட்டோம். சரக்கின் வரி இன்னொரு விஷயம், இதில் தொகை பெரிது. கடையில் 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்கிறது என்று வைப்போம். அதை வாங்கும்போது 18 சதவீதம் என்றால் 1,80,000 ரூபாய் வரி கட்டி, அதை வரவாகவும் எடுத்திருக்கிறீர்கள். தீ விபத்தில் சரக்கு அழிந்துவிட்டால், அழிந்த பொருளுக்கு எடுத்த வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். அதாவது நஷ்டம் 10 லட்சம் அல்ல, 11,80,000.

பாலிசியில் சரக்கின் மதிப்பை 10 லட்சம் என்று மட்டும் போட்டிருந்தால், அந்த 1,80,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். ஆகவே புதுப்பிக்கும்போது சரக்கின் மதிப்பை வரியையும் சேர்த்துக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். விபத்து நேர்ந்தால் வரவைத் திருப்பிக் கட்டியதற்கான சான்றின் பேரில் அந்த வரியும் இழப்பீட்டில் சேருமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. அதை எடுத்தவர்களும் ஷெட்யூலில் சரக்கின் மதிப்பு என்ன அடிப்படையில் போடப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தவறாதீர்கள்.

புதுப்பிக்கும் நாளில் பார்க்க வேண்டியவை

- உங்கள் பெயருக்குக் கீழே உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா? 15 இலக்கமும் சரியா?
- போனஸ், தள்ளுபடி கழித்த பிறகு வரி போட்டிருக்கிறார்களா?
- சரக்கு வண்டி என்றால் மூன்றாம் நபர் பகுதிக்கு 5 சதவீதம்தானா?
- கார், ஸ்கூட்டர், குழு மருத்துவக் காப்பீடு பில்களைத் தனியாக வைத்தாயிற்றா?
- அடுத்த மாதம் 14-க்குப் பிறகு GSTR-2B பார்த்தாயிற்றா?

பில் திருத்தத்துக்கு முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். பதில் வரவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளமான bimabharosa.irdai.gov.in-இல் புகார் பதிவு செய்யலாம், 155255 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்படும் சந்தேகங்களுக்கு 1800 103 4786. அழைக்கும் முன் பாலிசி எண், உங்கள் ஜி.எஸ்.டி. எண், பணம் கட்டிய தேதி மூன்றையும் கையில் வைத்திருங்கள்.